கூட்டு வீட்டுக் கடன்: யார் எவ்வளவு தவணை கட்டினால் வரிக்கு நல்லது? ஒரே வீட்டுக்கு நான்கு கணக்குகள்

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு வாங்கினால் "ஆளுக்கு 2 லட்சம், மொத்தம் 4 லட்சம் வட்டிக் கழிவு" என்று வீடு விற்பவர், வங்கி அதிகாரி, அலுவலக நண்பர் என எல்லோரும் சொல்வார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் 2025-26 நிதியாண்டுக்கான வரி விகிதங்களை வைத்துப் போட்டுப் பார்த்தால், அந்த 4 லட்சத்தையும் இருவரும் எடுப்பதே நஷ்டமாக முடியும் குடும்பங்கள் நிறைய. தவணையை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியை, யார் எந்த வரிமுறையில் இருக்கிறார் என்ற கேள்வியோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை. வட்டிக்கான கழிவு பிரிவு 24(பி)-யில் வருகிறது. சொந்த உபயோகத்துக்கான வீடாக இருந்தால் உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 2 லட்சம் வரை. அசலுக்கான கழிவு 80சி-யில் வருகிறது. பிஎஃப், எல்ஐசி, குழந்தைகளின் டியூஷன் ஃபீஸ் எல்லாம் சேர்ந்த அதே 1.5 லட்சத்துக்குள் இதுவும் அடங்க வேண்டும். சொந்த உபயோக வீட்டுக்கு இந்த இரண்டும் பழைய வரிமுறையில் மட்டும்தான் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறுகின்றன. இங்கே சொல்வது 1961 சட்டத்தின் எண்கள்.

கழிவு கேட்பவருக்கு மூன்று தகுதி வேண்டும்: கிரயப் பத்திரத்தில் பெயர், கடன் ஒப்பந்தத்தில் பெயர், தவணையில் தன் பணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கேட்க முடியாது. வங்கி கேட்டதால் கடனில் மட்டும் கையெழுத்துப் போட்டு, பத்திரத்தில் பெயர் இல்லாத மனைவி மாதம் முழுத் தவணையைக் கட்டினாலும் அவருக்கு ஒரு ரூபாய் கழிவு கிடையாது. பத்திரத்தில் பெயர் இருந்தும் பணம் கட்டாதவருக்கும் அதே கதிதான்.

எடுத்துக்கொள்ளும் குடும்பம்

கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட். பத்திரத்தில் இருவருக்கும் சரிபாதி. கணவரின் பெற்றோர் அதில் குடியிருக்கிறார்கள், வாடகை வாங்குவதில்லை. தம்பதி வேலைக்கு அருகில் இருக்க வேண்டுமென்று பெருங்குடியில் மாதம் 35,000 வாடகைக்கு இருக்கிறார்கள், வாடகையைக் கணவர் கொடுக்கிறார். சொந்த வீட்டில் தாங்கள் இல்லாவிட்டாலும் அது சொந்த உபயோக வீடாகவே கணக்கில் வரும். 2025 பட்ஜெட்டில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளர் என்ன காரணத்தால் அங்கே குடியிருக்க முடியாமல் போனாலும் இரண்டு வீடுகள் வரை ஆண்டு மதிப்பைச் சுழி என்று காட்டலாம்.

கடன் 60 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 52,069 ரூபாய். முதல் ஆண்டில் கட்டும் 6.25 லட்சத்தில் வட்டி 5.05 லட்சம், அசல் 1.19 லட்சம்.

கணவரின் சம்பளம் 22 லட்சம். அடிப்படைச் சம்பளம் 8.8 லட்சம், வீட்டு வாடகைப்படி 4.4 லட்சம். கொடுத்த வாடகை 4.2 லட்சத்திலிருந்து அடிப்படையில் 10 சதவீதமான 88,000-ஐக் கழித்தால் 3.32 லட்சம் வரிவிலக்கு. பிஎஃப் மட்டுமே 1,05,600. என்பிஎஸ்-சில் தனியாக 50,000 போடுகிறார். தன் குடும்பத்துக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் சேர்த்து மெடிக்கல் இன்சூரன்ஸ் கழிவு 75,000. மனைவியின் சம்பளம் 14 லட்சம். பிஎஃப், தவணை அசலில் தன் பங்கு, கொஞ்சம் எல்ஐசி என்று அவருக்கும் 80சி முழுதாக நிரம்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி சிறு தொகை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மனைவியின் கணக்கு முதலில்

அவர் பழைய முறையில் இருந்து, வட்டியில் 2 லட்சமும் 80சி-யில் 1.5 லட்சமும் முழுதாக எடுக்கிறார் என்று கொள்வோம். நிலைக்கழிவு 50,000 போக வரிக்குரிய வருமானம் சரியாக 10 லட்சம். வரி 1,12,500, செஸ்ஸோடு 1,17,000.

புதிய முறையில் எந்தக் கழிவும் இல்லை, நிலைக்கழிவு 75,000 மட்டும். 13.25 லட்சத்துக்கு வரி 78,750, செஸ்ஸோடு 81,900. வீட்டுக் கடனின் முழுச் சலுகையையும் எடுத்த பிறகும் பழைய முறை 35,100 ரூபாய் அதிகம் கேட்கிறது. பழைய முறை அவருக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால், நிலைக்கழிவு தவிர 5.19 லட்சத்துக்கு மேல் கழிவு இருக்க வேண்டும். அவரிடம் இருப்பது 3.5 லட்சம்.

ஆகவே மனைவி எத்தனை சதவீதம் தவணை கட்டினாலும் அவருடைய வட்டிக் கழிவுக்கு இந்த ஆண்டில் மதிப்பு இல்லை. சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதிய முறையில் வரியே கிடையாது.

கணவரின் கணக்கு

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. வட்டி 2 லட்சத்தைச் சேர்க்காமல் அவருடைய கழிவுகள் 6.07 லட்சம்: வாடகைப்படி 3.32, 80சி 1.5, இன்சூரன்ஸ் 0.75, என்பிஎஸ் 0.5. வட்டியையும் சேர்த்தால் 8.07 லட்சம். அப்போது பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 13.43 லட்சம், வரி செஸ்ஸோடு 2,24,016. புதிய முறையில் 21.25 லட்சத்துக்கு 2,40,500. பழைய முறையில் 16,484 ரூபாய் மிச்சம்.

30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 2 லட்சம் வட்டிக் கழிவு 62,400 ரூபாய் மிச்சப்படுத்தும் என்று சொல்வார்கள். இங்கே உண்மையான மிச்சம் அதில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல்தான். காரணம் எளிது. வட்டிக் கழிவு இல்லாவிட்டால் இவர் புதிய முறைக்குப் போயிருப்பார். வட்டியில் முதல் 1.47 லட்சம், பழைய முறையைப் புதிய முறைக்குச் சமமாக்குவதற்கே செலவாகிவிடுகிறது. அதற்கு மேலுள்ள 53,000 மட்டுமே உண்மையில் சம்பாதித்துக் கொடுக்கிறது. தன் பங்கு வட்டி 1.47 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் இவரும் புதிய முறைக்கு மாறிவிட வேண்டியதுதான்.

இப்போது பங்கீடு

| தவணையைக் கட்டுபவர் | வரிமுறை | இருவரின் மொத்த வரி |
|---|---|---|
| கணவர் மட்டும் | கணவர் பழையது, மனைவி புதியது | 3,05,916 |
| சரிபாதி | கணவர் பழையது, மனைவி புதியது | 3,05,916 |
| சரிபாதி, இருவரும் கழிவு கேட்பது | இருவரும் பழையது | 3,41,016 |
| மனைவி மட்டும் | இருவரும் புதியது | 3,22,400 |

முதல் இரண்டு வரிசையும் ஒன்றே. கணவர் முழுத் தவணையையும் கட்டினாலும் பாதியைக் கட்டினாலும் வரி ஒரு ரூபாய்கூட மாறவில்லை. பாதி வட்டியே 2.52 லட்சம் வருகிறது, வரம்போ 2 லட்சம். முதல் ஆண்டில் அவர் 40 சதவீதம் கட்டினாலே போதும், 2 லட்சம் நிறைந்துவிடும். அசலில் 40 சதவீதமான 47,700 ரூபாயும் பிஎஃப்பும் சேர்ந்து 80சி-யும் நிறைந்துவிடும். தவணை முழுவதும் தன் கணக்கிலிருந்து போனால்தான் சலுகை கிடைக்கும் என்று எண்ணி, மனைவியின் சம்பளத்தை வீட்டுச் செலவுக்கு ஒதுக்குபவர்களுக்கு அப்படிச் செய்ய வரிக்காரணம் ஒன்றுமில்லை.

மூன்றாவது வரிசைதான் ஊரெல்லாம் சொல்லும் "ஆளுக்கு 2 லட்சம்". இருப்பதிலேயே அதிக வரி அதற்குத்தான்.

நான்காவதில், மனைவியே எல்லாத் தவணையும் கட்ட, கணவர் வாடகையும் மற்ற செலவும் பார்த்துக்கொள்கிறார். கணவருக்கு வட்டிக் கழிவே இல்லை, 80சி-யிலும் பிஎஃப் 1,05,600 மட்டும். இருவரும் புதிய முறைக்குத் தள்ளப்படுகிறார்கள், 16,484 ரூபாய் போகிறது. வீட்டில் பணத்தை வசதிப்படி பிரித்துக்கொள்ளும்போது இது தெரியாமலே நடந்துவிடும்.

நாற்பதா, ஐம்பதா

40:60 போதும் என்றாலும், இந்தக் குடும்பத்துக்குச் சரிபாதியே நல்லது. காரணம் வட்டி குறையும் வேகம். தவணை அப்படியே இருக்க, ஒவ்வோர் ஆண்டும் அதில் வட்டியின் பங்கு குறைந்துகொண்டே வரும். 40 சதவீதம் கட்டினால் இரண்டாம் ஆண்டிலேயே கணவரின் வட்டி 1.98 லட்சமாகி 2 லட்சத்துக்குக் கீழே போகிறது. 50 சதவீதம் கட்டினால் எட்டு ஆண்டுகள் வரை தாங்கும். ஒன்பதாம் ஆண்டில்தான் அவருடைய பாதி 1.95 லட்சமாகும்.

வட்டி விகிதம் இறங்குவது இன்னொரு பக்கம். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50-இலிருந்து 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. ரெப்போவோடு இணைந்த கடன்களில் வட்டி அதற்கேற்ப இறங்கியிருக்கும். இதே 60 லட்சம் 7.5 சதவீதத்தில் இருந்தால் முதல் ஆண்டு வட்டி 4.45 லட்சம்தான். 40 சதவீதம் கட்டியவருக்கு 1.78 லட்சம் கிடைக்கும். விட்டுப்போன 22,000-க்கு வரி ஏறக்குறைய 6,800 ரூபாய். மிச்சமே 16,484 என்னும்போது அதில் 6,800 போவது சின்ன விஷயமில்லை. சரிபாதி கட்டியவருக்கோ 2.22 லட்சம் இருக்கும், கவலையில்லை.

கடன் பழையதாகி, வருட வட்டி 3 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்ட குடும்பங்களின் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு சதவீதமும் கணக்கில் வரும். பழைய முறையில் இருப்பவர் அதிகம் கட்டியிருக்க வேண்டும். வட்டி 2.8 லட்சம் என்றால், 2 லட்சத்தை எட்ட அவர் 71 சதவீதம் கட்ட வேண்டும்.

பத்திரப் பங்கும் கட்டிய பங்கும் வேறாக இருந்தால்

பத்திரத்தில் பாதி, ஆனால் கட்டியது 71 சதவீதம். எதன்படி கேட்பது? கூட்டு உரிமையாளரின் வருமானத்தை அவரவர் பங்குப்படி கணக்கிட வேண்டும் என்கிறது பிரிவு 26. வட்டியை உண்மையில் சுமந்தவருக்கே கழிவு என்று வாதிடவும் இடமிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் ஆடிட்டரோடு அலையத் தயாராக இருப்பவர் இரண்டாவது வழியில் போகலாம். நிம்மதி வேண்டுமென்றால், பத்திரப் பங்கு, கட்டிய பங்கு இரண்டில் எது குறைவோ அதற்குள் கேட்பதே நல்லது. மேலே உள்ள தம்பதிக்குச் சரிபாதி பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுகிறது.

பத்திரத்தில் பங்கு எழுதாமல் இரண்டு பெயரை மட்டும் போட்டிருந்தால், யார் எவ்வளவு முதல் போட்டார் என்பதற்கு ஆதாரம் இருக்கும்வரை அந்த விகிதம். ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி என்று கொள்வார்கள். ஆகவே பழைய முறையிலேயே நீண்டகாலம் இருக்கப்போகிறவர் யார் என்று தெரிந்தால், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே அவருக்குக் கூடுதல் பங்கை, உதாரணமாக 60 சதவீதம் என்று, பத்திரத்தில் எழுதிவிடுவது நல்லது. ஆனால் வரிக்காக மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். பத்திரப் பங்கு நாளைக்கு விற்பனையிலும் வாரிசுரிமையிலும் நிற்கும், வரிமுறையோ அடுத்த பட்ஜெட்டில் மாறலாம்.

கணவர் பெயரில் மட்டும் வாங்கிய வீட்டில், பிறகு மனைவிக்குப் பாதியை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து அவரையும் கழிவுக்குத் தகுதியாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பலன் இல்லை. போதிய விலை பெறாமல் மனைவிக்கோ கணவனுக்கோ வீட்டைக் கொடுத்தால், வரிக்கணக்கில் கொடுத்தவரே உரிமையாளர் என்கிறது பிரிவு 27. பத்திரச் செலவு மட்டும் மிஞ்சும். அதோடு, வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீட்டைக் கைமாற்றினால், அதுவரை 80சி-யில் எடுத்த அசல் கழிவு மொத்தமும் கைமாற்றிய ஆண்டின் வருமானத்தில் திரும்ப ஏறும்.

பணம் போகும் பாதை

வங்கி பொதுவாக ஒரே கணக்கிலிருந்துதான் தவணையைப் பிடிக்கும். அந்தக் கணக்கு கணவருடையது என்றால், மனைவி தன் பங்கான 26,035 ரூபாயைத் தவணைத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தன் சம்பளக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிட்டால் மறக்காது. குறிப்பில் "வீட்டுக் கடன் தவணை என் பங்கு" என்று இருக்கட்டும். மார்ச் கடைசியில் மொத்தமாக 3 லட்சம் அனுப்பி "இது பன்னிரண்டு மாதப் பங்கு" என்பது சட்டவிரோதமில்லை, ஆனால் கேள்வி கேட்பவரின் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும்.

இதைவிடச் சுத்தமானது, தவணைக்கென்றே ஒரு கூட்டுக் கணக்கு. இருவரும் அவரவர் பங்கை மாதாமாதம் அதில் போடுவார்கள், தவணையைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து போகாது. ஆண்டு முடிவில் அந்த ஸ்டேட்மென்ட் ஒன்றே போதும். மளிகையும் கரண்ட் பில்லும் போகும் கூட்டுக் கணக்கிலிருந்தே தவணையும் போனால், யார் பணம் எதற்குப் போனது என்று பிரித்துக் காட்ட முடியாது.

ஒரே தவணையில் வட்டியை ஒருவரும் அசலை இன்னொருவரும் எடுத்துக்கொள்ளலாமா? ஒவ்வொரு தவணையிலும் இரண்டும் கலந்தே இருப்பதால், தவணையைப் பிரித்த விகிதத்திலேயே இரண்டையும் பிரிப்பதுதான் நிற்கும். முன்கூட்டியே கட்டும் பகுதித் தொகை மட்டும் தனி. அது முழுதும் அசலுக்கே போவதால், யார் கணக்கிலிருந்து போனதோ அவருடைய 80சி-க்கு அதைக் கொள்ளலாம். 80சி-யில் இடம் வைத்திருக்கும், பழைய முறையில் உள்ளவர் கையால் அதைக் கட்ட வேண்டும். நம் கணவருக்கு அந்த இடம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், போனஸ் பணத்தை யார் போட்டாலும் ஒன்றுதான்.

சான்றிதழில் வரும் குழப்பம்

வங்கியின் ஆண்டுச் சான்றிதழில் இருவர் பெயரும் இருக்கும், எதிரே முழு வட்டி 5.05 லட்சம், முழு அசல் 1.19 லட்சம் இருக்கும். அதில் பங்கு விவரம் இருக்காது. அலுவலகத்தில் படிவம் 12பிபி-யோடு அதை அப்படியே கொடுத்தால், சம்பளப் பிரிவு முழு அசலையும் 80சி-யில் ஏற்றிவிடும். மனைவியும் பழைய முறையில் இருந்து தன் அலுவலகத்தில் அதே சான்றிதழைக் கொடுத்தால் அசல் இரண்டு முறை கழிந்துவிடும். சம்பளப் பிரிவுகள் இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஆனால் வரித்துறையிடம் இரண்டு கணக்கும் இருக்கும். இப்போது ரிட்டர்னில் கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண், கடன் ஒப்புதலான தேதி, மொத்தக் கடன், மார்ச் 31 அன்று பாக்கி, வட்டி எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே கடன் எண்ணில் இரண்டு பான் கணக்குகள் கேட்கும் தொகை, சான்றிதழில் உள்ளதைத் தாண்டக் கூடாது.

இதைத் தவிர்க்க, இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு போதும்: கடன் எண், பத்திரப் பங்கு, தவணைப் பங்கு, அந்த ஆண்டில் ஒவ்வொருவர் பேரிலும் கொள்ளும் வட்டி, அசல். அதைச் சான்றிதழோடு இணைத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் தற்காலிகச் சான்றிதழ் எடுத்துப் பார்க்கும்போதே, பழைய முறையில் இருப்பவரின் பங்கு 2 லட்சத்தைத் தொடுமா என்று தெரிந்துவிடும். தொடாது என்றால் மீதி இரண்டு மூன்று தவணைகளை அவர் கூடுதலாகக் கட்டிச் சரிசெய்யலாம். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது அதற்கு வழியில்லை.

ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். வாடகை வருமானம், யார் தவணை கட்டினாலும், பத்திரப் பங்குப்படியே இருவருக்கும் வரும். புதிய முறையில் இருக்கும் மனைவிக்கும் அப்போது வட்டி பயன்படும், ஆனால் தன் பங்கு வாடகையைச் சுழியாக்கும் அளவுக்கு மட்டும். மீதியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

கடைசியாகத் தேதி. சம்பளக்காரர்கள் பழைய முறையை ரிட்டர்னிலேயே தேர்வு செய்யலாம், தனிப்படிவம் தேவையில்லை. ஆனால் அந்த ரிட்டர்ன் கெடுவுக்குள் போயிருக்க வேண்டும். 2025-26-க்கு அது 2026 ஜூலை 31. ஒரு நாள் தாண்டினாலும் புதிய முறைதான். அப்போது கணவர் ஆண்டு முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கட்டிய பாதித் தவணையும், வாடகை ரசீதும், என்பிஎஸ்ஸும் சேர்ந்து கொடுத்த 16,484 ரூபாயும், தாமதக் கட்டணம் 5,000-மும் கையை விட்டுப் போகும்.